ஸ்கேன் செய்ததும் திறக்கும் குட்டி ஆப்: அசலா, போலியா... எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியூரில் ஒரு வாடகை ஸ்கூட்டர் எடுக்க வேண்டும். அதற்காக ஒரு முழு ஆப்பை இறக்கி, அக்கவுன்ட் தொடங்கி, கார்டு விவரம் கொடுத்து... பத்து நிமிஷ வேலைக்கு இவ்ளோவா? இந்தச் சலிப்புக்காகவே ஆப்பிள் 2020-ல் ஐஓஎஸ் 14-உடன் 'ஆப் கிளிப்' வசதியைக் கொண்டுவந்தது.

ஒரு ஆப்பில் அந்த நேரத்துக்குத் தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுத்ததுதான் ஆப் கிளிப்.

எப்படித் திறக்கிறது?

ஸ்கூட்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடில் இருப்பது சாதாரண வெப் லிங்க்தான். கேமராவைக் காட்டியதும், அந்த லிங்க்குக்கு ஆப் ஸ்டோரில் கிளிப் பதிவாகியிருக்கிறதா என்று ஐபோன் பார்க்கும். இருந்தால் திரையின் அடியிலிருந்து ஒரு கார்டு மேலெழும். அதில் படம், தலைப்பு, 'Open' போன்ற ஒரு பட்டன், எந்த ஆப்பின் கிளிப் என்ற விவரம் எல்லாம் இருக்கும். பட்டனைத் தட்டினால் ஆப்பிள் பே மூலம் பணம் கட்டி வண்டியை எடுக்கலாம். அவ்ளோதான்.

உடனே திறக்க வேண்டும் என்பதால் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. க்யூஆர் கோடில் திறக்கும் கிளிப், ஐஓஎஸ் 16 முதல் 15 எம்பியைத் தாண்டக் கூடாது.

என்னவெல்லாம் முடியாது?

உங்கள் ஹெல்த் டேட்டாவை கிளிப்பால் தொட முடியாது. திறந்ததிலிருந்து 8 மணி நேரம் வரை நோட்டிஃபிகேஷன் அனுப்பலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கொஞ்ச நாள் தொடாமல் விட்டால் போனே அதை நீக்கிவிடும். நீங்களே நீக்க 'Settings'-ல் 'App Clips' பகுதிக்குப் போகலாம்.

ஏமாறுவது எங்கே?

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2022 தொடக்கத்தில், பார்க்கிங் கட்டண மெஷின்கள் மீது போலி க்யூஆர் ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஸ்கேன் செய்தவர்களை அவை போலி பேமென்ட் தளத்துக்குக் கொண்டுபோயின.

ஆப் கிளிப் ஆப்பிளின் பரிசோதனையைத் தாண்டித்தான் வெளிவரும். அதோடு, லிங்க்கில் உள்ள இணையதளமும் அந்த ஆப்பைத் தன்னுடையது என்று உறுதிசெய்திருக்க வேண்டும். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டுபவருக்கு இது சுலபமில்லை. அதனால் வழக்கமாக கார்டு வரும் இடத்தில் திடீரென பிரவுசர் திறந்து கார்டு நம்பர் கேட்டால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். நெட் மோசமாக இருந்தாலும் கார்டு வராமல் போகலாம். அப்போது ஆப் ஸ்டோரில் நேரடியாகத் தேடுவதே பாதுகாப்பு. கார்டு வந்தாலும் அதிலுள்ள ஆப் பெயரைப் படித்த பிறகே தட்டுங்கள்.

ஆண்ட்ராய்டில்?

கூகுள் 2016-ல் அறிவித்த 'இன்ஸ்டன்ட் ஆப்ஸ்' இதற்கும் முந்தியது. ஆனால், போதிய பயன்பாடு இல்லை என்று 2025 டிசம்பரோடு அது நிறுத்தப்பட்டது. ஆகவே, "இன்ஸ்டால் வேண்டாம், உடனே திறக்கும்" என்று சொல்லி ஒரு லிங்க் உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஏபிகே ஃபைலை இறக்கச் சொன்னால், அது இன்ஸ்டன்ட் ஆப் இல்லை.