சாப்பிடாததும் பில்லில் இருக்கும்

நான்கு பேர் ஒரு ஏ.சி. ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் மேசைக்கு வரும் பில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கணக்குக்காக நாமே போட்டுக்கொண்ட உதாரணம் இது:

காளான் சூப்: 2 × 110 = 220.00
வெஜ் பிரியாணி: 2 × 215 = 430.00
பட்டர் நான்: 4 × 55 = 220.00
பன்னீர் பட்டர் மசாலா: 1 × 255 = 255.00
லைம் சோடா: 3 × 65 = 195.00
எஸ்.சி.: 1 × 132 = 132.00
சிஜிஎஸ்டி 2.5%: 36.30
எஸ்ஜிஎஸ்டி 2.5%: 36.30
ரவுண்ட் ஆஃப்: 0.40
மொத்தம்: 1,525.00

பில்லைக் கொடுத்தவர் டிப்ஸையும் சேர்த்து 1,600 ரூபாயாக கார்டில் தேய்க்கிறார். மறுநாள் இதை வீட்டுக் கணக்கிலோ அலுவலகச் செலவுப் படிவத்திலோ எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது. எது சாப்பாடு, எது சாப்பாட்டின் மேல் ஏறிய தொகை?

வாங்கிய பொருளுக்கு எண்ணிக்கை உண்டு, மெனு அட்டையில் விலையும் உண்டு. மேலே ஏறும் தொகைகளுக்கு மெனு அட்டையில் இடம் கிடையாது. அவை மொத்தத்தைப் பார்த்துப் பிறக்கின்றன. இன்னொரு நான் வாங்கியிருந்தால் பிரியாணியின் விலை மாறாது; ஆனால் சர்வீஸ் சார்ஜும் ஜிஎஸ்டியும் மாறும், ரவுண்ட் ஆஃபும் பெரும்பாலும் மாறிவிடும்.

நம் பில்லில் ஏமாற்றக்கூடியது ஆறாவது வரி. சில ஓட்டல்களில் பில் போடும் மென்பொருளில் சர்வீஸ் சார்ஜையும் பார்சல் கட்டணத்தையும் ஒரு பண்டம் போலவே பதிந்து வைத்திருப்பார்கள். அதனால் அதற்கும் ‘1’ என்று எண்ணிக்கை விழுந்து, சோடாவுக்கு அடுத்த பண்டம் போலத் தெரியும். பெயரும் சுருக்கமாக இருந்தால் ஏதோ ஸ்வீட் கார்ன் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். பில்லின் அடியில் மொத்த எண்ணிக்கை அச்சாகியிருந்தால் அதைப் பாருங்கள். மேசைக்கு வந்தவை 12. அங்கே 13 என்று இருந்தால் சாப்பிடாத ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது.

இதைவிட உறுதியான சோதனை ஜிஎஸ்டியில் இருக்கிறது. சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அது மத்திய அரசுக்கு 2.5, மாநிலத்துக்கு 2.5 என்று இரண்டாகப் பிரிந்து அச்சாகும். 2.5 சதவீதம் என்பது நாற்பதில் ஒரு பங்கு. எனவே சிஜிஎஸ்டி தொகையை 40-ஆல் பெருக்கினால், எந்தத் தொகையின் மேல் அதைக் கணக்கிட்டார்கள் என்பது தெரிந்துவிடும். நம் பில்லில் 36.30-ஐ 40-ஆல் பெருக்கினால் 1,452 வருகிறது. சாப்பிட்ட ஐந்து பண்டங்களின் கூட்டுத்தொகையோ 1,320 தான். இடையில் நிற்கும் 132, சாப்பாட்டில் சரியாகப் பத்து சதவீதம். அந்த வரிக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் அது சர்வீஸ் சார்ஜ்தான்.

இந்தப் பெருக்கல் எல்லா இடத்திலும் செல்லாது. 18 சதவீதம் போடும் பெரிய ஓட்டல்களில் சிஜிஎஸ்டி 9 சதவீதம். அங்கே 9-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், பில்லில் அது இருந்தால் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டாத சிறு கடைகளில் மெனு அட்டை ஒன்றே துணை.

சர்வீஸ் சார்ஜ் அரசுக்குப் போவதில்லை, ஓட்டலுக்கே போகிறது. அதைக் கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தார். சங்கங்கள் மேல்முறையீடு செய்தன.

ரவுண்ட் ஆஃப் பார்க்கச் சின்னது, ஆனால் வேறு வகையில் குழப்பும். 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போயின. 50 பைசா இன்றும் செல்லும் என்றாலும் கல்லாவில் அதைக் காண்பது அரிது. அதனால் 50 பைசாவும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றுவார்கள், குறைவாக இருந்தால் விட்டுவிடுவார்கள். நம் பில்லில் 1,452-உடன் 72.60 சேர்ந்து 1,524.60 ஆகிறது, 40 பைசா கூட்டி 1,525 ஆக்கியிருக்கிறார்கள். 1,524.40 என்று வந்திருந்தால் அதே 40 பைசாவைக் கழித்திருப்பார்கள். இரண்டிலும் அச்சில் தெரிவது 0.40 தான். வெளிறிப்போன பில் தாளில் கழித்தல் குறி பல நேரம் கண்ணில் படாது. ஆகவே ஏற்றமா இறக்கமா என்பதைக் குறியை நம்பி முடிவு செய்யாமல், கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ரூபாய்க்குச் சரிசெய்யும் ரவுண்ட் ஆஃப் 50 பைசாவைத் தாண்டாது. அந்த இடத்தில் 3 ரூபாயோ 4 ரூபாயோ இருந்தால், ஐந்துக்கோ பத்துக்கோ ஏற்றியிருக்கிறார்கள் அல்லது வேறு கட்டணம் ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது. தயங்காமல் கேட்கலாம்.

டிப்ஸ் பெரும்பாலும் பில்லிலேயே இருக்காது. அது மொத்தத்துக்குப் பிறகு, நம் விருப்பத்தில் சேர்வது. அதன் மேல் ஜிஎஸ்டியும் விழாது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி 1,600 என்கிறது, பில் 1,525 என்கிறது. அந்த 75 தான் டிப்ஸ். கணக்கு எழுதும்போது இதைத் தனி வரியாகக் காட்டுங்கள். அலுவலகத்தில் பில்லில் உள்ள தொகையை மட்டுமே கொடுப்பார்கள் என்றால், 1,600 என்று எழுதிய படிவம் திரும்பி வரும்.

நண்பர்கள் பங்கு பிரிக்கும்போதும் இந்தப் பிரிவினை பயன்படும். சாப்பாட்டுக்கு மேல் ஏறியது 205 ரூபாய். அதை நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 51.25. அப்போது 110 ரூபாய் சூப் மட்டும் குடித்தவர் 161.25 கொடுக்க நேரும். ஏறிய தொகை அவரவர் சாப்பிட்டதற்கு ஏற்பவே ஏறியது என்பதால், 1,525-ஐ 1,320-ஆல் வகுத்து வரும் 1.155-ஐ அவர் சாப்பிட்ட தொகையோடு பெருக்குவதே முறை. அவர் பங்கு 127 ரூபாய்தான். டிப்ஸ் 75-ஐ வேண்டுமானால் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

சர்வீஸ் சார்ஜை நீக்கச் சொல்லும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 132 ரூபாயை மட்டும் கழித்து 1,393 என்று பில் வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் மேல் போட்ட 6.60 ரூபாய் ஜிஎஸ்டியும், கூடவே ஏறிய 40 பைசாவும் போக வேண்டும். 1,320-க்கு 5 சதவீதம் 66. சரியான தொகை 1,386. பில்லைக் கையால் அடித்துத் திருத்தாமல் புதிதாக அச்சிட்டுத் தரக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம்.