ஒரு கோடி லிட்டர் கலங்கலுக்கு 300 கிலோ படிகாரம்

மதுரை மாநகரின் குடிநீரில் ஒரு பங்கு வைகை அணையிலிருந்து வருகிறது. வழியில் பண்ணைப்பட்டி சுத்திகரிப்பு நிலையத்தில் தெளிய வைக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆறு செம்மண்ணைச் சுமந்து வரும் நாட்களில் இந்த வேலைக்கு என்ன செலவாகும் என்று ஒரு கோடி லிட்டருக்குக் கணக்குப் போடுவோம். படிகாரத்தின் அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம், விலை கிலோ 15 ரூபாய், நீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்பவை கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை.

சும்மா விட்டால் ஆகும் காலம்

ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள களிமண் துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கச் சுமார் 10 நாள் ஆகும். துகள் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் காலம் நூறு மடங்காகிறது. அதாவது சுமார் 1,000 நாள். நடைமுறையில் அது படியவே படியாது.

துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தால் சீக்கிரம் இறங்கிவிடும். அதைத் தடுப்பது அவற்றின் மின்னூட்டம். களிமண் படிகத்தில் நான்கு நேர்மின்னூட்டம் கொண்ட சிலிக்கான் இருக்க வேண்டிய சில இடங்களில் மூன்று மட்டுமே கொண்ட அலுமினியம் அமர்ந்திருக்கிறது. அந்தக் குறையால் துகள் முழுவதும் எதிர்மின்னூட்டம் பெறுகிறது. ஒரே மின்னூட்டம் என்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன.

300 கிலோ செய்யும் வேலை

இந்தத் தள்ளுதலை அடக்க உப்பும் போதும், ஆனால் நிறைய வேண்டும். கோட்பாட்டுக் கணக்குப்படி, சோடியம் போன்ற ஒற்றை மின்னூட்ட அயனி 729 பங்கு தேவைப்படும் இடத்தில், அலுமினியம் போன்ற மும்மின்னூட்ட அயனி 1 பங்கு போதும். நீரில் விழுந்த ஒரு நொடிக்குள் படிகாரத்திலுள்ள அலுமினியம் நீரோடு வினைபுரிந்து நேர்மின்னூட்டக் கூட்டுகளாகி, களிமண்ணின் மேற்பரப்பில் ஒட்டி அதன் மின்னூட்டத்தைச் சமன்செய்கிறது. படிகாரக் கரைசலை வேகக் கலக்கியில் ஊற்றுவது இதனால்தான். அங்கே சரியாகப் பரவாவிட்டால் ஓரிடத்து நீருக்கு மிகுதியும் மற்ற இடத்துக்குப் பற்றாக்குறையும் ஆகும். அடுத்த கட்டத்தில் மெல்லக் கலக்குகிறார்கள். துகள்கள் மோதித் திரளாகும்; வேகம் கூடினால் அந்தத் திரள் உடைந்துவிடும்.

வரவும் செலவும்

- படிகாரம்: 300 கிலோ, 4,500 ரூபாய். ஆயிரம் லிட்டருக்கு 45 காசு.
- நீரின் காரத்தன்மையில் இழப்பு: சுண்ணாம்புக்கல் கணக்கில் சுமார் 150 கிலோ. நீரில் அவ்வளவு இல்லையென்றால் பி.எச். இறங்கிவிடும், நீற்றுச் சுண்ணாம்பு சேர்த்து ஈடுகட்ட வேண்டும்.
- கசடு: மண் 1,000 கிலோ, அலுமினியம் ஹைட்ராக்சைடு சுமார் 78 கிலோ. இது 2 சதவீதக் குழம்பாக வெளியேறினால் சுமார் 54,000 லிட்டர்.
- அலுமினியம்: உள்ளே போவது சுமார் 27 கிலோ. இந்தியத் தர நிர்ணயம் (2012) குடிநீரில் விரும்பும் வரம்பு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 0.2 வரை. ஆக, குழாய்க்குப் போகும் நீரில் 300 கிராம்தான் இருக்கலாம், மிஞ்சினால் 2 கிலோ. மீதி கசடோடு போயாக வேண்டும்.

மண் இரட்டித்தால் படிகாரமும் இரட்டிக்குமா?

இரட்டிக்காது. தேவையைத் தீர்மானிப்பது மண்ணின் எடை அன்று. துகள்களின் மேற்பரப்பும் அதிலுள்ள மின்னூட்டமும், நீரின் பி.எச்.சும்தான். கலங்கல் மிகக் குறைந்த நீரில் துகள்கள் மோதிக்கொள்ளும் வாய்ப்பே குறைவு. அப்போது மின்னூட்டச் சமநிலை மட்டும் போதாது. ஹைட்ராக்சைடு மேகமாக உருவாகித் துகள்களை வாரிக்கொண்டு இறங்கும் அளவுக்குப் படிகாரம் போட நேரும்.

அதனால் ஆற்றுநீர் மாறும்போதெல்லாம் ஜார் டெஸ்ட் செய்கிறார்கள். ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் படிகாரம் கரைத்து வைத்தால், அதில் ஒரு மில்லி, ஒரு லிட்டர் ஜாடிக்கு 10 மில்லிகிராம் தரும். ஆறு ஜாடிகளில் 10 முதல் 60 வரை போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் 15, 20 நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் படிய விடுவார்கள். 30-இலும் 40-இலும் நீர் ஒரே அளவு தெளிந்தால் 30 போதும். கூடுதல் 10 மில்லிகிராம் என்பது ஒரு கோடி லிட்டருக்கு 100 கிலோ, 1,500 ரூபாய், 9 கிலோ அலுமினியம். சில வகை நீரில் அளவு மிஞ்சினால் துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று மறுபடி ஒன்றையொன்று தள்ளும். படிகாரம் கூட்டக் கூட நீர் கலங்கும் ஜாடியே அதற்கு அடையாளம்.

குடத்துக் கணக்கு

வீட்டில் சுழற்றும் கட்டி பொட்டாசியப் படிகாரம். நிலையத்தில் போடும் படிகாரத்தைவிட அதில் அலுமினியம் குறைவு. 15 லிட்டர் குடத்துக்கு அதே விகிதத்தில் அலுமினியம் சேர முக்கால் கிராம் வேண்டும். தெளிந்த நீரை மேலாக வடித்துக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். படிகாரம் கிருமிகளில் ஒரு பகுதியை மண்ணோடு இறக்குமே தவிர, மிச்சமிருப்பவற்றைக் கொல்லாது.