மூன்றாவது சினி வரும்வரை

அடிஸ் அபாபாவில் ஒரு வீட்டுக்கு முதல் முறை போகிறவர் காதில் விழும் அழைப்பு இது: "நு, புன்னா தெத்து!" வாருங்கள், காபி குடியுங்கள் என்று பொருள். அம்ஹாரிக் மொழியில் கொட்டைக்கும் பானத்துக்கும் ஒரே பெயர், புன்னா. 'பல்பு' என்பதில் வரும் முதல் எழுத்தைப் போல 'பு'வை ஒலிக்க வேண்டும். 'ன்'னை நன்றாக அழுத்த வேண்டும்.

அழைத்தவுடன் கோப்பை வந்துவிடாது. தரையில் கெத்தெமா என்னும் பசும்புல் பரப்பியிருக்கும், சாம்பிராணி புகையும். வீட்டுப் பெண் பச்சைக் கொட்டையைக் கழுவி, விருந்தாளியின் கண்முன்னே கரி அடுப்பில் வறுப்பார். கொட்டை கருத்துப் புகை எழும்பியதும் வாணலியை ஒவ்வொருவர் முகத்துக்கு அருகிலும் கொண்டுவருவார். அப்போது புகையைக் கையால் தன் பக்கம் இழுத்து முகர்ந்து பார்ப்பதுதான் மரியாதை. புதியவர்கள் பலர் இங்கேதான் முகத்தைத் திருப்பிவிடுகிறார்கள்.

இடித்த தூள் ஜெபெனாவுக்குள் போகும். நீண்ட கழுத்தும் உருண்ட அடிவயிறும் உள்ள மண் கூஜா அது. கொதித்ததும் சற்றுச் சாய்த்து வைத்தால்தான் கசடு அடியில் தங்கும். அவசரப்பட்டு ஊற்றினால் முதல் மிடறிலேயே தூள் பல்லில் நறநறக்கும். பிறகு உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் ஊற்றுவார். அந்தக் கோப்பைக்குப் பெயர் சினி. சில வீடுகளில் தெனா ஆதாம் என்ற கிளையொன்றை உள்ளே போடுவார்கள். தமிழில் அதுதான் அருவதா.

காபியோடு இன்ஜெரா வரும் என்று எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறக்கூடும். கொறிக்க வருவது பெரும்பாலும் பெந்திஷா என்ற சோளப்பொரி, கோலோ என்ற வறுத்த பார்லி, அல்லது ரொட்டி. இன்ஜெரா சாப்பாட்டு நேரத்துக்கு உரியது. டெஃப் மாவைச் சில நாள் புளிக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுப்பார்கள். மேலே ஆப்பம் போலக் கண் கண்ணாக இருக்கும். சாப்பாட்டின்போது யாராவது ஒரு கவளத்தை உருட்டி விருந்தாளி வாயில் ஊட்டினால் அது குர்ஷா. வாயைத் திறப்பதே பதில். இன்ஜெராவுக்குப் 'பிழைப்பு' என்றும் பொருள் உண்டு. மாற்றாந்தாயைக்கூட அம்ஹாரிக்கில் 'இன்ஜெரா அம்மா' என்றுதான் சொல்கிறார்கள். பெற்றவள் அல்லள், சோறு போட்டவள்.

புன்னா ஒரு சுற்றோடு முடியாது. முதல் சுற்று அபோல், கெட்டியானது. அதே தூளில் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவைப்பது தோனா. மூன்றாவது பெரெக்கா, பெயருக்கு ஆசீர்வாதம் என்று பொருள். காபி நீர்த்துப் போயிருந்தாலும் மூன்றில் மதிப்பு அதிகம் இதற்குத்தான். எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அவசர வேலை இருக்கிறவர் அழைப்பை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பதே நல்லது. அபோலோடு எழுந்துவிடக் கூடாது.