15 கிலோ டின்னா, 15 லிட்டர் டின்னா?

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று நம்பித்தான் பலரும் இணையத்தில் பெரிய பேக்கைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அங்கே ஒவ்வொரு அளவுக்கும் விலை தனித்தனியாக ஏறி இறங்குகிறது. இன்று 1 லிட்டர் பாக்கெட்டுக்குத் தள்ளுபடி இருக்கும், 5 லிட்டர் கேனுக்கு இருக்காது. அதனால் எது மலிவு என்பது வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சூரியகாந்தி எண்ணெயையே எடுத்துக்கொள்வோம். இங்கே சொல்லும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. 1 லிட்டர் பாக்கெட் 148 ரூபாய். 5 லிட்டர் கேன் 775 ரூபாய். ஐந்தால் வகுத்தால் லிட்டர் 155. கேன் வாங்குகிறவர் லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். நான்கு பாக்கெட் சேர்ந்த காம்போ ஒன்று 512 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாக்கெட் 128 ரூபாய்தானே என்று கை அங்கே போகும். பாக்கெட்டின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிகர எடை என்ற இடத்தில் 850 மில்லி என்றிருக்கும். நான்கும் சேர்ந்து 3.4 லிட்டர்தான். 512-ஐ 3.4-ஆல் வகுத்தால் லிட்டர் 150 ரூபாய் 59 காசு.

இப்படி அரைகுறை அளவுகள் பெருகியதற்குக் காரணம் உண்டு. எண்ணெய், டீத்தூள், பிஸ்கட், சோப்பு போன்ற பல பொருள்களை இன்னின்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று முன்பு சட்டமுறை எடையளவு விதிகளில் ஒரு பட்டியல் இருந்தது. 2021-ல் வந்த திருத்தம் அதை நீக்கியது. அதற்கு ஈடாக, ஓர் அலகின் விலையைப் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்றது.

அந்த அலகு விலையை மட்டும் நம்பி வாங்கிவிட முடியாது. அது எம்.ஆர்.பி.யை வகுத்து வந்தது. நீங்கள் கொடுக்கப்போவதோ தள்ளுபடி விலை. மேலும், ஒரு கிலோ அல்லது லிட்டருக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு, மில்லிக்கு என்று விலை போடுவார்கள். அதற்கு மேற்பட்டதில் கிலோவுக்கு, லிட்டருக்கு. காசு இரண்டு தசம இடத்தோடு நின்றுவிடும். மில்லிக்கு 0.16 ரூபாய் என்றிருந்தால், உண்மையில் லிட்டர் 155 ஆகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட 165 ஆகவும் இருக்கலாம். நாம் தேடும் மிச்சமே அந்தப் பத்து ரூபாய்க்குள்தான் இருக்கிறது.

பெரிய குழப்பம் டின்னில் வருகிறது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இரண்டு டின்கள்: ஒன்று 15 லிட்டர், 2,250 ரூபாய், மற்றொன்று 15 கிலோ, 2,385 ரூபாய். முதல் டின் 135 ரூபாய் குறைவு என்று தோன்றும். ஆனால் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. 1 லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று சேர்த்து அச்சிட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன்படி 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.65 கிலோதான். 15 கிலோ டின்னிலோ ஏறக்குறைய 16.5 லிட்டர் இருக்கும்.

கிலோ விலையை 0.91-ஆல் பெருக்கினால் லிட்டர் விலை வந்துவிடும். 2,385-ஐ 15-ஆல் வகுத்தால் கிலோ 159, அதை 0.91-ஆல் பெருக்கினால் லிட்டர் 144 ரூபாய் 69 காசு. 15 லிட்டர் டின்னில் லிட்டர் 150. கூடுதல் விலை போட்டிருந்த டின்தான் மலிவு. குறைந்த விலை போட்டிருந்ததோ ஒற்றை பாக்கெட்டைவிடவே விலை அதிகம்.

எண்ணெய்க்கு எடையை வைத்து ஒப்பிடுவதே நல்லது. சூடேறினால் அதன் கன அளவு கூடும், எடை மாறாது. சோயா எண்ணெய் ஒரு லிட்டர், 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம். 60 டிகிரியில் 892.6 கிராம். அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு லிட்டர் கணக்குக் காட்டும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லி 2022-ல் மத்திய அரசு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

சரி, 15 கிலோ டின்னையே வாங்கிவிடலாமா? அதே எண்ணெயை 1 லிட்டர் பாக்கெட்டுகளாக வாங்கினால் 2,439 ரூபாய் ஆகும். ஆக மிச்சம் 54 ரூபாய். டெலிவரிக் கட்டணம் 40 ரூபாய் என்றால் மிஞ்சுவது 14. மாதம் மூன்று லிட்டர் செலவாகும் வீட்டில் டின் தீர ஐந்தரை மாதம் ஆகும். திறந்த எண்ணெயில் காற்றுப் பட்டுப் பட்டுச் சிக்கு வாடை ஏறும். கடைசியில் நூறு மில்லியைக் கொட்ட நேர்ந்தாலே அந்த 14 ரூபாயும் போய்விடும். இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கி உடனே பிரித்துக்கொண்டால் டின் கட்டுப்படியாகும். தனி வீட்டுக்கு, இந்த விலைகளில், 1 லிட்டர் பாக்கெட்டே போதும்.