47 டாலர் எங்கே போனது? வாங்குபவருக்கு எழுதும் முன் பார்க்க வேண்டியவை

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் சிறு பட்டறை வைத்துத் தோல் பர்ஸ், பெல்ட் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்பங்கள் பல உண்டு. இவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி, இன்வாய்ஸில் போட்ட தொகை முழுதாக வந்து சேராமல் போவது. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். துபாய் வியாபாரி ஒருவருக்கு 4,850 டாலருக்குச் சரக்கு போயிருக்கிறது. கணக்கில் வரவானதோ 4,803 டாலர். 47 டாலர் குறைகிறது.

உடனே வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி பறக்கும்: "நீங்கள் 47 டாலர் குறைத்து அனுப்பிவிட்டீர்கள். மீதியை உடனே அனுப்புங்கள். இல்லையென்றால் அடுத்த சரக்கு வராது."

இந்தச் செய்தியால் பணம் வருவது அரிது. வாங்கியவரின் வங்கிக் கணக்கில் 4,850 டாலர் முழுதாகப் பற்று ஆகியிருக்கும். "நான் சரியாகத்தானே அனுப்பினேன்" என்று அவர் ரசீதைக் காட்டுவார். பேச்சு அதோடு முறிந்துவிடும்.

ஆகவே எழுதுவதற்கு முன், நமது வங்கியில் அந்த வரவுக்கான ஸ்விஃப்ட் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை மூன்று: அனுப்பச் சொன்ன தொகை, வழியில் பிடித்த கட்டணங்கள், கட்டணம் யார் பொறுப்பு என்ற குறியீடு. பழைய வடிவ நகலில் இவை 33B, 71F, 71A என்ற கட்டங்களில் இருக்கும். குறியீடு OUR என்றால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது. BEN என்றால் எல்லாம் பெறுபவருடையது. SHA என்றால், அனுப்பும் வங்கியின் கட்டணம் அவருக்கு, மற்றவை நமக்கு. புதிய வடிவ நகலில் இவையே DEBT, CRED, SHAR என்று வரும்.

நமது எடுத்துக்காட்டில் நகல் சொல்வது இது: அனுப்பச் சொன்னது 4,850 டாலர். குறியீடு SHA. இடையில் இருந்த இரண்டு வங்கிகள் 20, 15 என 35 டாலர் பிடித்திருக்கின்றன. நமது வங்கிக்கு வந்தது 4,815. மீதி 12 டாலரை நமது வங்கியே தன் கட்டணமாக எடுத்திருக்கிறது. அந்த 12 டாலரை வாங்கியவரிடம் கேட்பது முறையல்ல. கேட்கத் தகுந்தது 35 மட்டுமே.

அதையும் உரிமையாகக் கேட்க, "இந்தியாவுக்கு வெளியே ஆகும் வங்கிக் கட்டணங்கள் வாங்குபவரைச் சேரும்" என்ற வரி நமது இன்வாய்ஸில் இருக்க வேண்டும். இருந்தால், செய்தியை இப்படித் திருத்தலாம்:

"இன்வாய்ஸ் எண் 118-க்கு நீங்கள் அனுப்பிய 4,850 டாலருக்கு நன்றி. இடைவங்கிகள் 35 டாலர் பிடித்ததால் எங்கள் வங்கிக்கு 4,815 டாலரே வந்தது. ஸ்விஃப்ட் நகலை இணைத்துள்ளோம். இன்வாய்ஸின் கட்டண நிபந்தனைப்படி இந்த 35 டாலர் உங்கள் பொறுப்பில் வருகிறது. இதைத் தனியாக அனுப்ப வேண்டாம். இணைத்துள்ள டெபிட் நோட்டின்படி அடுத்த பணத்தோடு சேர்த்து அனுப்புங்கள். அப்போது வங்கியில் OUR என்று தேர்ந்தெடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். இதற்குச் சம்மதமா என்று வியாழனுக்குள் தெரிவியுங்கள்."

இங்கே குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவர் முழுத் தொகை அனுப்பியதை முதல் வரியே ஒப்புக்கொள்கிறது. அவருடைய கணக்காளருக்குத் தேவையான எண், தொகை, சான்று எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசையில் எழுதினால் போதும்.

"தனியாக அனுப்ப வேண்டாம்" என்பதற்குக் காரணம் உண்டு. 35 டாலரைத் தனியே அனுப்பினால் அதிலும் வழியில் கட்டணம் பிடிப்பார்கள். கைக்கு வருவது சொற்பம். அதே சமயம், அடுத்த இன்வாய்ஸில் சரக்கின் விலையை ஏற்றி அதை ஈடுகட்டவும் கூடாது. அப்படிச் செய்தால் சுங்கத்தில் காட்டும் சரக்கு மதிப்பு உண்மைக்கு மாறாகிவிடும். டெபிட் நோட்டு தனித் தாளாகவே இருக்கட்டும்.

இன்வாய்ஸில் அந்த வரி இல்லையென்றால், "உங்கள் பொறுப்பில் வருகிறது" என்பதை எடுத்துவிட்டு, "இந்த முறை பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்கலாம். அது வேண்டுகோள்தான், அவர் மறுத்தால் விட்டுவிட வேண்டியதுதான். அடுத்த இன்வாய்ஸிலிருந்து அந்த வரியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பணம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் ஸ்விஃப்ட் நகலைப் பத்திரப்படுத்துங்கள். ஷிப்பிங் பில்லில் காட்டிய மதிப்பும் வந்த தொகையும் பொருந்துகிறதா என்று நமது வங்கி சரிபார்க்கும். குறைந்த 35 டாலர் வெளிநாட்டு வங்கிக் கட்டணம்தான் என்பதற்கு அந்தத் தாளே சான்று.