எடை சொன்ன வட்டத் துணி

மேடையேறிய திருப்பூர்க்காரர் முதலில் பேசவில்லை. 180 ஜி.எஸ்.எம். என்று லேபிள் போட்ட ஒரு டி-ஷர்ட்டை மேசையில் விரித்து, வட்ட வெட்டியை அழுத்தித் திருப்பினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வந்தது. அதன் பரப்பு சரியாக 100 சதுர சென்டிமீட்டர். சின்னத் தராசு 1.62 கிராம் காட்டியது. நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 162 கிராம்.

கல்லூரித் தொழில்முனைவோர் மன்றத்து மாணவர்கள் சிரித்தார்கள். “சிரிக்காதீங்க தம்பி, இது நான் வித்த சரக்கு” என்றார் அவர்.

ஆன்லைனில் டி-ஷர்ட் விற்கும் அவருக்கு அந்த லாட்டைத் தந்தவர் 180 என்றே சொல்லியிருந்தார். அவரும் நம்பி அப்படியே பக்கத்தில் ஏற்றிவிட்டார். 5 சதவீதம் முன்பின் இருந்தால் தொழிலில் பொறுத்துக்கொள்வார்கள். இதில் குறைந்ததோ 10 சதவீதம். முந்தைய லாட் நன்றாக இருந்ததால் கிடைத்த நல்ல விமர்சனங்கள் அதே பக்கத்தில்தான் இருந்தன. அவற்றைப் படித்து வாங்கியவர்கள்தான் அதிகம் கோபப்பட்டார்கள்.

அவர் போட்ட கணக்கு எளியது. 399 ரூபாய் டி-ஷர்ட்டில் அவருக்கு நிற்பது 90 ரூபாய். ஒன்று திரும்பி வந்தால் போக, வர கூரியருக்கும் மறு பேக்கிங்குக்கும் 130 ரூபாய் போய்விடும். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட இன்னும் இரண்டு விற்க வேண்டும். வாங்க மாட்டேன் என்று மறுக்கவும் முடியாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்.

எடையைவிட அதிகம் திரும்ப வைப்பது அளவுதான். வெறும் ‘எம்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. டி-ஷர்ட்டைத் தட்டையாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை டேப் வைத்தால் 20 அங்குலம், சுற்றளவு 40. மார்பு 40 அங்குலம் உள்ளவர் இதை வாங்கினால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ‘இது ஆடையின் சுற்றளவு, உங்கள் மார்பளவு அல்ல’ என்று அவர் தனி வரியே போடுகிறார். பருத்திப் பின்னல் துணி சுருங்கும் என்பதால், ஒரு முறை துவைத்துக் காயவைத்த பிறகே அளக்கிறார். 28 அங்குல உயரம் 5 சதவீதம் சுருங்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போய்விடுமே!

“அண்ணா, நீங்க 160னு உண்மையைப் போட்டு, பக்கத்துக் கடைக்காரர் 180னு பொய் போட்டா, அவர்கிட்டதானே போவாங்க?” என்று ஒரு மாணவி கேட்டார்.

“போனாங்க. முதல் மாசம் விற்பனை விழுந்துச்சு” என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பிறகு விவரத்தில், ‘மெல்லிய துணி, வெயிலுக்கு ஏற்றது, வெள்ளை நிறத்தில் உள்பனியன் தெரியும்’ என்று சேர்த்தாராம். மெல்லிய துணியைத் தேடுபவர்கள் வந்தார்கள். திரும்பி வருவது குறைந்தது. நிறத்தைப் பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம்: மஞ்சள் விளக்கில் படம் எடுக்காதீர்கள்.

வெட்டிய வட்டத்தை அவர் மேசையிலேயே விட்டுவிடவில்லை. லாட் எண்ணும் தேதியும் எழுதிய உறைக்குள் போட்டு ஒட்டினார். அடுத்த லாட் வந்ததும் அதிலும் ஒன்று வெட்டி இதன் அருகில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய பக்கத்தையே வைப்பதா, புதிதாக எழுதுவதா என்று முடிவெடுப்பாராம்.