22,400 ரூபாய் எங்கிருந்து வந்தது?

2016 ஆகஸ்ட் 4 அன்று மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு ஓர் ஆணை வந்தது. பழைய அடிப்படை ஓய்வூதியத்தை 2.57 ஆல் பெருக்க வேண்டும். அதுவும் ஜனவரி 1 முதல். கடந்துபோன ஏழு மாத வித்தியாசம் நிலுவையாக, அதாவது அரியர்ஸாக, ஒரே வரியில் பாஸ்புக்கில் ஏறியது. அந்த ஒரு வரிக்குள் ஏழு மாதக் கதை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பிரித்துப் பார்ப்போம்.

2.57 வானத்திலிருந்து விழுந்த எண் அல்ல. அப்போது அகவிலை நிவாரணம் (விலைவாசிக்கு ஈடாகத் தருவது) 125 சதவீதம். ஆக, 1 ரூபாய் ஓய்வூதியம் கைக்கு வரும்போது 2.25 ரூபாய். அதன்மேல் ஏறத்தாழ 14.3 சதவீத உயர்வைச் சேர்த்தால் 2.57 வருகிறது. பெயருக்கு இரண்டரை மடங்கு. உண்மையான உயர்வு ஏழில் ஒரு பங்குதான்!

அடிப்படை ஓய்வூதியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 4,000 கம்யூட்டேஷனில், அதாவது முன்கூட்டியே மொத்தமாகப் பெற்ற தொகைக்காக, மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. பெருக்கத் தொடங்குவது மிஞ்சும் 6,000த்திலிருந்து அல்ல, முழு 10,000த்திலிருந்து. அகவிலை நிவாரணமும் அப்படியே. பழைய வரவு 22,500 கழித்தல் 4,000, அதாவது 18,500. புதியது 25,700 கழித்தல் 4,000, அதாவது 21,700. பிடித்தம் இரண்டு பக்கமும் மாறாததால் வித்தியாசம் 3,200. ஏழு மாதத்துக்கு 22,400.

இனி பாஸ்புக்கைத் திறந்தால் ஒரு புதிர் காத்திருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் ஓய்வூதியம் மூன்றும் 18,500 அல்ல, 17,900. 125 சதவீதத்துக்கான ஆணை ஏப்ரலில்தான் வந்தது. அதுவரை 119 சதவீதமே கிடைத்தது. அந்த மாதங்களுக்கு 3,800 வித்தியாசம் என்று கணக்கிட்டால் மொத்தம் 24,200 ஆகும். வங்கி 1,800 குறைத்துவிட்டதாகத் தோன்றும். அந்த 1,800 எங்கே? ஏப்ரல் வரவைப் பாருங்கள்: 20,300 என்றிருக்கும். மூன்று மாதத்துக்கு 600 வீதம், பழைய நிலுவையாக அப்போதே வந்து சேர்ந்துவிட்டது.

எனவே மாதம் மாதமாக ஒப்பிடுவதைவிட, வந்ததையெல்லாம் கூட்டுவதே எனக்குப் பிடித்த வழி. மூன்று 17,900, ஒரு 20,300, மூன்று 18,500: மொத்தம் 1,29,500. வரவேண்டியது ஏழு 21,700, அதாவது 1,51,900. கழித்தால் அதே 22,400!

கூட்டும்போது தேதியைக் கவனிக்க வேண்டும். மற்ற மாதங்களின் ஓய்வூதியம் மாதக் கடைசியில் வரும். மார்ச் மாதத்துடையது மட்டும் ஏப்ரல் தொடக்கத்தில் வரும். மார்ச்சில் வரவே இல்லாமல், ஏப்ரலில் இரண்டு வரவுகள் இருக்கும். அவற்றில் ஒன்றை விட்டால் உங்கள் விடை பதினேழாயிரத்துக்கு மேல் தள்ளிப்போகும். வங்கி உண்மையிலேயே சரியாக 3,200 குறைத்திருந்தால், ஏதோ ஒரு மாதம் அதன் கணக்கிலிருந்து நழுவியிருக்கிறது. முதலில் மார்ச்சைத் தேடுங்கள்.